சிம்னிப் புகையின் நிறம் பர்னரைப் பற்றிச் சொல்வதும் சொல்லாததும்: ஃபர்னஸ் ஆயில், விறகு பாய்லர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

சிம்னியில் கரும்புகை வந்தவுடன் காற்று டேம்பரைத் திறந்துவிடுவது பாய்லர் அறைகளில் பரவலாக உள்ள பழக்கம். புகை மறைந்துவிடுவதால் கோளாறும் தீர்ந்துவிட்டதாக எண்ணப்படுகிறது. பல நேரங்களில் கோளாறு அப்படியே இருக்கும். அதன் மேல் இரண்டாவதாக ஒரு கோளாறும் சேர்ந்திருக்கும். புகையின் நிறத்தைக் கொண்டு எரிதலில் எந்தப் பக்கம் பிழை இருக்கிறது என்று விரைவாக அறியலாம். ஆனால் அந்தப் பிழைக்குக் காரணம் காற்றா, எண்ணெயின் வெப்பமா, நாசிலா, டியூபில் படிந்த கரியா என்பதை நிறம் மட்டும் பிரித்துச் சொல்லாது. அதைவிட முக்கியமானது, காற்று குறைந்தால் சிம்னி காட்டிக்கொடுக்கும், காற்று கூடினால் எதையும் காட்டாது என்பது. இந்த வழிமுறை முழுவதும் அந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. சாயப்பட்டறைகளிலும் அரிசி ஆலைகளிலும் காணப்படும் மணிக்கு 1 டன் முதல் 5 டன் வரை நீராவி தரும் பாய்லர்களை மனத்தில் வைத்து, முதலில் ஃபர்னஸ் ஆயில் பர்னரையும் பின்னர் விறகு பாய்லரையும் பார்ப்போம்.

பார்க்கும் முறை

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு, சிம்னி உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தொலைவில் நின்று, புகை காற்றில் நகரும் திசைக்குக் குறுக்காகப் பார்க்க வேண்டும். சூரியனை நோக்கி நின்றால் வெண்புகையும் கருமையாகத் தெரியும். மேகமூட்டமான வானத்தின் முன் மெல்லிய வெண்புகை தெரியவே தெரியாது. கருமையின் அளவைக் குறிக்க, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சைச் சேர்ந்த மாக்சிமிலியன் ரிங்கல்மான் வகுத்த அட்டை இன்றும் பயன்படுகிறது. அதில் 0 முதல் 5 வரை எண்கள் உள்ளன. ஒவ்வொரு எண்ணும் 20 விழுக்காடு கருமையைக் குறிக்கிறது. அட்டை கையில் இல்லாவிட்டாலும், புகைக்குப் பின்னால் இருக்கும் மரமோ கட்டடமோ எவ்வளவு தெரிகிறது என்பதை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று குறித்துவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும்.

நிறத்தைப் போலவே நேரத்தையும் கவனிக்க வேண்டும். பர்னர் பற்றும்போது சில நொடிகள் மட்டும் வரும் புகை, குறைந்த தீயிலிருந்து முழுத் தீக்கு மாறும்போது மட்டும் வரும் புகை, முழுத் தீயில் தொடர்ந்து வரும் புகை ஆகிய மூன்றும் ஒரே கருமையாக இருந்தாலும் அவற்றின் காரணங்கள் வெவ்வேறு. ஆகவே எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் பத்து நிமிடமாவது பார்த்து, புகை எப்போது வருகிறது, அப்போது பர்னர் எந்தத் தீ நிலையில் இருக்கிறது என்பதை எழுதிக்கொள்வது நல்லது.

அறிகுறி: எண்ணெய் பர்னரில் கரும்புகை

கரும்புகை என்பது எரியாமல் போன கரித்துகள். எண்ணெய்த் துளிக்கு உரிய நேரத்தில் போதிய ஆக்சிஜன் கிடைக்காததே இதற்குக் காரணம். ஆனால் அந்த நிலை இரண்டு வகையில் ஏற்படலாம். காற்று உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். அல்லது காற்று போதுமான அளவு இருந்தும் துளி பெரிதாக இருப்பதால், அது உலையைக் கடக்கும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எரிந்து முடியாமல் போகலாம். இரண்டாவது நிலையில் டேம்பரைத் திறந்தாலும் புகை குறையும், ஏனெனில் காற்று கூடினால் பெரிய துளிக்கும் கொஞ்சம் கூடுதலாக ஆக்சிஜன் கிடைக்கிறது. அதனால்தான் டேம்பர் எல்லா நோய்க்கும் மருந்தைப் போல் தோன்றி ஏமாற்றுகிறது. டேம்பரைத் தொடுவது கடைசிப் படியாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதும் இதனால்தான்.

முதலில் பார்க்க வேண்டியது நாசிலுக்கு மிக அருகில் உள்ள எண்ணெயின் வெப்பநிலை. ஃபர்னஸ் ஆயில் அறை வெப்பத்தில் பாகு போலத் தடித்திருக்கும். பிரஷர் ஜெட் பர்னரில் அது நுண்துளிகளாகச் சிதற வேண்டுமானால் பொதுவாக 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும். சரியான எண் எண்ணெயின் தரத்தைப் பொறுத்தது. பர்னர் கையேட்டில் கேட்கப்படும் பாகுத்தன்மையைப் பார்த்து அதை முடிவு செய்ய வேண்டும். சர்வீஸ் டாங்கில் உள்ள வெப்பமானியை நம்பக் கூடாது. ஹீட்டருக்கும் நாசிலுக்கும் இடையில் உள்ள குழாயின் வெப்பக்காப்பு உரிந்திருந்தால் அந்தச் சில மீட்டரிலேயே எண்ணெய் குளிர்ந்துவிடும்.

அடுத்தது எண்ணெய் அழுத்தமும் வடிகட்டியும். பிரஷர் ஜெட் வகையில் பம்ப் அழுத்தம் பெரும்பாலும் 20 முதல் 28 பார் வரை இருக்கும். இந்த அளவிலிருந்து அழுத்தம் இறங்கினால் சிதறல் கெடும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்த மானி இருந்தால் அடைப்பு உடனே தெரியும். இல்லாவிட்டால் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. நீராவியோ காற்றோ கொண்டு சிதறடிக்கும் பர்னராக இருந்தால், அந்த நீராவி அல்லது காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது நாசில். துளை தேய்ந்து நீள்வட்டமானாலும், ஓரத்தில் கரி ஒட்டியிருந்தாலும், எண்ணெய்க் கூம்பு ஒரு பக்கமாகச் சாயும். பார்வைத் துளை வழியே பார்த்தால் தீயின் ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் கருஞ்சிவப்பாகவும் தெரியும். தீயிலிருந்து பொறிகள் தெறித்தால் துளிகள் பெரிதாக இருக்கின்றன என்று பொருள். நாசிலை டீசலில் ஊறவைத்து, மரக்குச்சியோ மென்மையான பித்தளைத் தூரிகையோ கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். இரும்புக் கம்பியை உள்ளே விட்டால் துளையின் விளிம்பு கீறிப்போய், சுத்தம் செய்த நாசில் பழையதைவிட மோசமாகத் தெளிக்கும். டிஃப்யூசர் தட்டில் கரி கட்டியிருந்தாலும், நாசில் தன் இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் முன்பின் நகர்ந்திருந்தாலும் இதே விளைவுதான் ஏற்படும். தீ உலையின் சுவரைத் தொட்டால் தொட்ட இடத்தில் அணைந்து கரியாகும்.

இவை அனைத்தும் சரியாக இருந்த பிறகே காற்றின் பக்கம் வர வேண்டும். அங்கும் டேம்பருக்கு முன் பார்க்க வேண்டியவை உள்ளன. உலைக்குள் காற்றைத் தள்ளும் எஃப்.டி. ஃபேனின் இறக்கைகளில் பஞ்சு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னலாடைத் தொழில் நடக்கும் இடங்களில் இது அடிக்கடி நேர்கிறது. பாய்லர் அறையின் சன்னல்கள் அடைபட்டிருக்கின்றனவா, டியூப்களில் கரி படிந்து வழி குறுகி இழுவை குறைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கரி படிவதால் இழுவை குறைகிறது, இழுவை குறைவதால் மேலும் கரி படிகிறது. இப்படி ஒரு சுழல் தொடங்கிவிட்டால், டியூப்களைத் துலக்காமல் எந்தச் சரிசெய்தலும் நிலைக்காது.

ஒரு நிலைமையைக் கணக்கிட்டுப் பார்த்தல்

மணிக்கு ஏறத்தாழ 100 கிலோ ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் மூன்று பாஸ் பாய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நல்ல நிலையில் இருந்தபோது நாசிலில் எண்ணெய் 110 டிகிரி, புகைவாயுவில் ஆக்சிஜன் 4 விழுக்காடு, சிம்னி அடியில் வெப்பம் 215 டிகிரி என்று பதிவேட்டில் இருக்கிறது. அறை வெப்பம் 32 டிகிரி. இப்போது சாயத் தொட்டிகள் எல்லாம் ஒன்றாக நீராவி கேட்கும் காலை நேரத்தில் மட்டும் கரும்புகை வருகிறது; மாலையில் குறைந்த தீயில் ஓடும்போது வருவதில்லை.

ஆபரேட்டர் டேம்பரைத் திறக்கிறார், புகை மறைகிறது. பிறகு அளந்து பார்த்தால் ஆக்சிஜன் 9 விழுக்காடு, சிம்னி வெப்பம் 240 டிகிரி. புகைவாயு கூடுதலாக ஓடுவதாலும், இடைப்பட்ட நாட்களில் டியூபில் கரி படிந்ததாலும் வெப்பம் ஏறியிருக்கிறது.

இதனால் எவ்வளவு இழப்பு என்பதை எளிய கணக்கால் அறியலாம். மிகைக் காற்றின் விழுக்காட்டைக் காண, ஆக்சிஜன் அளவை, 21இலிருந்து அதே அளவைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். 4 விழுக்காடு ஆக்சிஜனுக்கு மிகைக் காற்று ஏறத்தாழ 24. 9 விழுக்காட்டுக்கு 75. ஃபர்னஸ் ஆயிலுக்குப் புகைவாயுவின் கரியமில வாயு உச்ச அளவு ஏறத்தாழ 15.8 விழுக்காடு என்பதால், முதல் நிலையில் அது 12.8, இரண்டாம் நிலையில் 9.0 என்று வரும். சிம்னி வெப்பத்துக்கும் அறை வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 0.56ஆல் பெருக்கிக் கரியமில வாயு விழுக்காட்டால் வகுத்தால், உலர்ந்த புகைவாயுவோடு வெளியேறும் வெப்பம் கிடைக்கும். முதல் நிலையில் அது ஏறத்தாழ 8 விழுக்காடு. இரண்டாம் நிலையில் ஏறத்தாழ 13. பாய்லரின் திறன் 84இலிருந்து 79க்கு இறங்கியது என்று கொண்டால், அதே நீராவிக்கு மணிக்கு 6 கிலோ எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். நாளுக்கு 20 மணி நேரம் ஓடும் பட்டறையில் அது 120 கிலோ. இத்தனையும் நடக்கும்போது சிம்னி தூய்மையாகத்தான் தெரிகிறது.

உண்மையான காரணத்தை நேரம் காட்டிக்கொடுக்கிறது. முழுத் தீயில் மட்டும் புகை வருவதால், எண்ணெய் ஓட்டம் கூடும்போது எதுவோ ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது என்று ஊகிக்கலாம். முழுத் தீயில் ஓடும்போது நாசிலுக்கு முன் அளந்தால் எண்ணெய் 85 டிகிரியில் இருக்கிறது. குறைந்த தீயில் அதுவே 108க்கு ஏறிவிடுகிறது. எண்ணெய் ஹீட்டரின் மூன்று மின்னிணைப்புகளிலும் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தால், ஒன்றில் மின்னோட்டம் இல்லை. ஒரு கம்பிச்சுருள் எரிந்துபோயிருக்கிறது. எஞ்சிய இரண்டும் குறைந்த ஓட்டத்துக்குப் போதுமானவை, முழு ஓட்டத்துக்குப் போதாதவை. சுருள்கள் மூன்றும் நன்றாக இருந்து வெப்பம் மட்டும் ஏறவில்லை என்றால், அவற்றின் மேல் எண்ணெய் கருகி ஓடாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுருளை மாற்றியதும் எண்ணெய் மீண்டும் 110 டிகிரிக்கு வருகிறது, புகையும் இல்லை. பெரும்பாலான இடங்களில் வேலை இத்துடன் நிறுத்தப்படுகிறது. ஆனால் டேம்பர் இன்னும் திறந்தே கிடக்கிறது. அந்த 120 கிலோவில் பெரும்பகுதி இன்னும் நாள்தோறும் சிம்னி வழியே போய்க்கொண்டிருக்கிறது. இதைச் சரிசெய்ய அடுத்த அறிகுறிக்குப் போக வேண்டும்.

அறிகுறி: புகையே இல்லை

இதை அறிகுறி என்று பலர் கருதுவதில்லை, நான் கருதுகிறேன். முற்றிலும் தெளிந்த சிம்னி என்பது 3 விழுக்காடு ஆக்சிஜனிலும் இருக்கலாம், 12 விழுக்காட்டிலும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பார்வைத் துளையில் ஓரளவு வேறுபாடு தெரியும்: காற்று மிகுந்தால் தீ குட்டையாகி, கண் கூசும் வெண்மஞ்சளாகி, இரைச்சலோடு எரியும், காற்று சரியாக இருந்தால் நுனிகள் தெளிந்த ஆரஞ்சு மஞ்சளாக, சற்றே நீண்டு, அமைதியாக இருக்கும், காற்று குறைந்தால் நுனிகள் கருஞ்சிவப்பாகிப் புகை பூசியது போல் தெரியும். ஆயினும் தீயின் நிறத்தை மட்டும் வைத்து ஆக்சிஜனை ஊகிப்பது, நெடுநாள் அனுபவம் உள்ளவர்களையும் தவறச் செய்யும்.

சரியான இடத்தைக் காணும் முறை இது. தீயை ஒரே நிலையில் நிறுத்தி, எண்ணெயின் வெப்பமும் அழுத்தமும் சரியாக இருப்பதை உறுதிசெய்து, டேம்பரைச் சிறிது சிறிதாக மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, ஆக்சிஜன் மீட்டரையும் சிம்னியையும் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் சிம்னி வாயில் மிக மெல்லிய பழுப்புத் திரை தோன்றும். அதுதான் எல்லை. அங்கேயே விட்டுவிடக் கூடாது. காற்றின் வெப்பமும் ஈரமும், எண்ணெயின் தரமும் நாளுக்கு நாள் மாறுவதால், அந்த எல்லையிலிருந்து ஆக்சிஜன் ஏறத்தாழ 1 விழுக்காடு கூடும் அளவுக்கு டேம்பரைத் திரும்பத் திறந்து நிறுத்த வேண்டும். நல்ல பர்னரில் அது பெரும்பாலும் 3 முதல் 4 விழுக்காட்டில் வந்து நிற்கும். 6 அல்லது 7 விழுக்காட்டிலேயே பழுப்புத் திரை தோன்றிவிட்டால், சிதறலில் இன்னும் குறை இருக்கிறது. முந்தைய பகுதியின் சோதனைகளுக்குத் திரும்ப வேண்டும். இந்த ஒரு சோதனையே பர்னரின் உடல்நிலையை எல்லாவற்றையும்விட நன்றாகக் காட்டுகிறது என்பது என் கருத்து.

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கரியைக் காண பக்கராக் கைப்பம்ப் உதவும். வடிதாள் வழியே புகைவாயுவைப் பத்து முறை இழுத்து, தாளில் விழும் கறையை 0 முதல் 9 வரையுள்ள அட்டையோடு ஒப்பிடுவது அதன் முறை. ஃபர்னஸ் ஆயிலுக்கு 3க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். டீசல் பர்னரில் 1க்குள் இருக்க வேண்டும்.

இதை முழுத் தீயில் செய்தால் மட்டும் போதாது. எண்ணெய் வால்வையும் காற்று டேம்பரையும் இணைக்கும் கேம், இடைப்பட்ட தீ நிலைகளில் தனிப்போக்கில் போகலாம். ஆகவே குறைந்த தீ, நடுத்தீ, முழுத்தீ மூன்றிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தீ மாறும் நேரத்தில் மட்டும் ஒரு கரும்வீச்சு வந்து அடங்கினால், எண்ணெய் முன்னால் ஓடக் காற்று பின்னால் வருகிறது என்று பொருள். இணைப்புக் கம்பியின் மூட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். கேமை மாற்றியமைப்பது பாய்லர் இயக்கத் தகுதிச் சான்று பெற்றவரும் பர்னர் சர்வீஸ் ஆளும் சேர்ந்து, மீட்டரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: வெண்புகை

வெண்மையாகத் தெரிவது பெரும்பாலும் நீராவி. சில நேரங்களில் எரியாத எண்ணெயின் ஆவி. முதலாவது பெரும்பாலும் தீங்கற்றது. இரண்டாவது உயிருக்கு ஆபத்தானது. ஆகவே வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

ஒரு கிலோ ஃபர்னஸ் ஆயில் எரியும்போது, அதிலுள்ள ஹைட்ரஜனால் ஏறத்தாழ ஒரு கிலோ நீர் ஆவியாக உருவாகிறது. சிம்னிக்குள் சூடாக இருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. வெளிக்காற்றில் குளிர்ந்த பிறகே வெண்மையாகும். அதனால் நீராவிப் புகைக்கும் சிம்னி வாய்க்கும் இடையில் ஒரு தெளிந்த இடைவெளி இருக்கும். சிறிது தூரம் சென்றதும் ஓரங்கள் கிழிந்து, சுவடில்லாமல் மறைந்துவிடும். மார்கழி விடியலில் தெரிந்து, வெயில் ஏறியதும் காணாமல் போகும் வெண்புகை இந்த வகை. அதற்காக எதையும் திருப்ப வேண்டியதில்லை.

நடுப்பகலிலும் இது தொடர்ந்தால் டியூப் ஒழுக்கை ஐயப்பட வேண்டும். பர்னரை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டால் எரிதலால் வரும் நீராவி நின்றுவிடும். ஒழுக்கால் வருவது தொடரும். ஊட்டுநீர் மீட்டரில் வழக்கத்தைவிடக் கூடுதல் நீர் போயிருந்தாலோ, பின்பக்கப் புகைப்பெட்டிக் கதவின் அடியில் ஈரமோ நனைந்த கரியோ இருந்தாலோ ஐயம் உறுதியாகிறது. அப்போது பாய்லரை நிறுத்திக் குளிரவிட்டு ஆய்வுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

எண்ணெய் ஆவி சிம்னி வாயிலிருந்தே இடைவெளியின்றி வெண்மையாகத் தொடங்கும். நெடுந்தூரம் கலையாமல் படர்ந்து கீழே இறங்கும். மூக்கிலும் கண்ணிலும் எரிச்சலூட்டும் எண்ணெய் நெடி வரும். பர்னர் பற்றத் தவறிய பிறகோ, தீ அணைந்தும் எண்ணெய் வால்வு முழுமையாக மூடாத நிலையிலோ, சூடான உலைச் சுவரில் விழுந்த எண்ணெய் ஆவியாவதால் இது ஏற்படுகிறது. அந்த ஆவியும் காற்றும் சேர்ந்த கலவை ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது. இந்தப் புகையைக் கண்டால் மீண்டும் பற்றவைக்கும் பொத்தானைத் தொடக் கூடாது. பார்வைத் துளைக்கு முகத்தைக் கொண்டுபோகவும் கூடாது. எண்ணெய் வால்வைக் கையால் மூடி, டேம்பர் முழுவதும் திறந்த நிலையில் ஃபேனைக் குறைந்தது ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வெண்புகை முற்றிலும் நின்ற பிறகே உலையைத் திறந்து தேங்கிய எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். பற்றாமல் போனதற்கான காரணத்தை, அதாவது இக்னிஷன் எலக்ட்ரோடின் இடைவெளி, போட்டோசெல்லில் படிந்த அழுக்கு, எண்ணெயில் கலந்த நீர், ஒழுகும் சோலனாய்டு வால்வு ஆகியவற்றில் எது என்பதைக் கண்ட பிறகுதான் அடுத்த முயற்சி.

மங்கிய நீலம் கலந்த வெண்மை தொலைவு வரை நீண்டு நின்றால், அது பெரும்பாலும் எண்ணெயிலுள்ள கந்தகத்தால் உருவாகும் அமிலப் பனி. மிகைக் காற்று கூடக்கூட இது கூடும். எனவே இங்கே டேம்பரைத் திறப்பது நேர்மாறான வேலையாகும். சிம்னி அடியில் இரும்புத் தகடு அரித்துத் துளை விழுந்திருந்தால் இதன் சான்று கையிலேயே இருக்கிறது.

விறகு பாய்லர்: அதே நிறம், வேறு காரணம்

எண்ணெய் பர்னரில் கற்றதை அப்படியே விறகுக்குக் கொண்டுபோனால் தவறு நேரும். உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூட்டில் வாயுவாக வெளியேறி, கட்டைப் படுக்கைக்கு மேலே உள்ள வெளியில் எரிகிறது; எஞ்சிய கரி மட்டுமே கிரேட்டின் மேல் எரிகிறது. ஆகவே விறகின் கரும்புகைக்குப் பெரும்பாலும் காரணம், மேலே உள்ள வாயுவுக்குக் காற்று போதாததுதான். புகையைக் கண்டு கிரேட்டுக்கு அடியில் வரும் காற்றைக் கூட்டினால், படுக்கை மேலும் சூடேறி, வாயு மேலும் வேகமாக வெளியேறி, புகை கூடும். கீழ்க்காற்றைச் சற்றுக் குறைத்து, மேலிருந்து வேகமாகப் பாய்ந்து கலக்கும் மேல்காற்றைக் கூட்டுவதே சரியான திருத்தம். மேல்காற்றுத் துளைகள் சாம்பலால் அடைபட்டிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பல பாய்லர்களில் அவை இருப்பதே மறந்துபோயிருக்கிறது.

விறகு போட்டவுடன் ஒன்றிரண்டு நிமிடம் வரும் கரும்புகை இயல்பானது. அது ஐந்து, பத்து நிமிடம் நீடித்தால் ஒரே தடவையில் அதிகம் போடப்பட்டிருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை உலையை நிரப்புவதற்குப் பதிலாக, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிதளவு, படுக்கை முழுவதும் பரவலாகப் போட்டு, கதவை உடனே மூடினால், எந்தத் திருகையும் தொடாமலே புகை பாதிக்கு மேல் குறைவதைப் பார்க்கலாம்.

மஞ்சள் கலந்த தடித்த வெண்புகை வந்தால் விறகு எரியவில்லை, வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதில் தாரும் எரியாத வாயுவும் இருக்கின்றன. ஈர விறகோ, குளிர்ந்த உலையோ, சாம்பல் கட்டிக் காற்று நுழையாத கிரேட்டோ இதற்குக் காரணமாகலாம். இதே புகைதான் சிம்னி உள்சுவரில் தாராகப் படிந்து பின்னாளில் தீப்பிடிக்கிறது. விறகின் ஈரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது நம்பத்தக்கதன்று. சீமைக்கருவேலக் கட்டை வெளியே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே ஈரமாக இருக்கும். நடுப்பகுதியில் அறுத்தெடுத்த துண்டை எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி, இழந்த எடையை முதல் எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈரத்தின் விழுக்காடு தெரியும். 40 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கிலோ விறகு தரும் பயன்வெப்பம் ஏறத்தாழ 2,350 கிலோகலோரி. அதே விறகு 15 விழுக்காட்டுக்குக் காய்ந்தால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3,550. ஈரம் சிம்னியில் வெண்மையாகத் தெரிவதற்கு முன்பே விறகுக் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

சாம்பல் நிறப் புகை, நிழலில் நிறுத்திய வண்டியின் மேல் பொடியாகப் படிந்தால், அது எரிதலின் குறையன்று. இழுவை மிகுந்து சாம்பலைத் தூக்கிச் செல்கிறது. புகைவாயுவை இழுக்கும் ஐ.டி. ஃபேனின் டேம்பரைக் குறைத்து, உலைக்குள் நீர்த்தம்ப அளவில் 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை மட்டும் எதிர்மறை அழுத்தம் இருக்குமாறு வைத்தால் போதும். கதவைத் திறக்கும்போது தீ வெளியே எட்டிப் பார்க்காத அளவே அது. சைக்ளோன் அடியில் உள்ள சாம்பல் வால்வு காற்றுப் புகும்படி தேய்ந்திருந்தாலும் சாம்பல் பிடிபடாமல் மேலே போகும்.

விறகு பாய்லர்களில் புகை பார்ப்பதற்கு ஒரு கடுமையான வரம்பு உண்டு. சிம்னிக்கு முன் நீர்த்தெளிப்பு ஸ்கிரப்பர் இருந்தால், எந்த நேரத்திலும் வெண்மையான நீராவிதான் வெளியே வரும். அதற்குள் ஒளிந்திருக்கும் கரியை வெளியிலிருந்து காண முடியாது. ஒரே சிம்னியில் இரண்டு பாய்லர்கள் இணைந்திருந்தாலும் புகை எதனுடையது என்று தெரியாது. அத்தகைய இடங்களில் ஸ்கிரப்பருக்கு முன்னால், ஒவ்வொரு பாய்லரின் புகைக்குழாயிலும் தனித் துளை இட்டு, ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் மீட்டரால் அளக்க வேண்டும். மீட்டர் வரும்வரை ஸ்கிரப்பர் தொட்டியின் நீரைப் பார்க்கலாம்: சாம்பல் நிறம் இயல்பு, மையைப் போல் கறுத்து, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், மேல்காற்றையும் விறகின் ஈரத்தையும் அன்றைக்கே சரிபார்க்க வேண்டும்.